பித்தான் போட வராத விரல்கள்

அப்பாவுக்குச் சட்டைப் பித்தான் போட வரவில்லை. சாதம் பிசைந்தால் விரலிடுக்கில் நழுவுகிறது. கால்கள் விறைத்து, செருப்பு தரையைத் தேய்க்கிறது. பெரிதாக வலி இல்லாததால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். சிலருக்குக் கோளாறு இருப்பது கழுத்தில்.

வயதாக ஆகக் கழுத்தெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் வற்றிப் பிதுங்கும். எலும்பு ஓரங்கள் முள்போல வளரும். தண்டுவடம் செல்லும் குழாயின் முன்பின் அகலம் சுமார் 17 மில்லிமீட்டர். பிறவியிலேயே 13-க்கும் குறைவாக இருந்தால், அந்த முள்ளும் பிதுக்கமும் தண்டுவடத்தை எளிதில் நசுக்கிவிடும்.

விரல்களை முழுக்க மூடி விரிக்கச் சொல்லுங்கள். 10 நொடியில் 20 தடவையாவது வர வேண்டும். 12-லேயே திணறினால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். இதைச் சர்க்கரை நோயின் மதமதப்பு என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. மருத்துவர் முழங்காலில் தட்டும்போது, சர்க்கரையால் நரம்பு கெட்டவருக்குக் கால் அசைவது குறையும். இவர்களுக்கோ வேகமாக உதறும். கழுத்து எம்.ஆர்.ஐ. உறுதிப்படுத்தும்.

அறுவை சிகிச்சை அழுத்தத்தை நீக்கி, மேலும் மோசமாகாமல் தடுக்கும். சிலருக்குக் கை தேறும். ஆனால் நாள்பட்ட சேதம் முழுதாகத் திரும்பாது. அதுவரை சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்க மட்டும் விடாதீர்கள்.