பாக்கிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்

திருப்பூரில் அட்டைப்பெட்டி செய்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூன் 5 அன்று 4,80,000 ரூபாய்க்குப் பெட்டிகளை அனுப்பினார். தவணை 30 நாள். வந்தது 1,30,000 ரூபாய்தான். அதன்பின் போன் எடுப்பார் இல்லை.

அவருடைய வக்கீல் நோட்டீஸில் கோபத்துக்கு இடமில்லை. ஆர்டர் தேதி, பில் எண், சரக்கைப் பெற்றவரின் கையெழுத்துள்ள டெலிவரி சலான், வந்த தொகை என்று வரிசையாக வரும். பிறகு, "பாக்கி 3,50,000 ரூபாயை இந்த நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்தவும்; தவறினால் வழக்கு". வந்த பணத்தைக் கழிக்காமல் முழுத் தொகையைக் கேட்பது பெரிய பிழை. எதிர்த்தரப்பு அந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும்.

நோட்டீஸ் டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் போகும். அந்தச் சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பலரும் ஏமாறுவது காலக்கெடுவில்தான். இந்தியாவில் இத்தகைய பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுகளே உண்டு. தவணை முடிந்த நாளிலிருந்து அது ஓடுகிறது. நோட்டீஸ் அனுப்பியதால் அந்த ஓட்டம் நிற்காது. ஆனால் கெடு முடியுமுன் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுப் பதில் தந்தால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு கிடைக்கும். ஆகவே "கொஞ்சம் பொறுங்கள், தருகிறோம்" என்று பதில் வந்தால் கிழித்துப் போடாதீர்கள், கோப்பில் வையுங்கள்.