இரும்புக்குள் கார்பன் போகும் வழி

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டை 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு பக்கம் கார்பனை ஊட்டும் வாயு, மறுபக்கம் வந்து சேரும் கார்பனை உடனுக்குடன் அள்ளிப்போகும் வாயு. தொடக்கத்தில் மறுபக்கம் கார்பன் எதுவும் வராது. நுழைந்ததெல்லாம் தகட்டுக்குள்ளேயே தங்கும். சில மணி நேரம் கழித்து, உள்ளே போவதும் வெளியே வருவதும் சமமாகும். அதன்பின் தகட்டின் எந்த ஆழத்திலும் கார்பனின் அளவு மாறாது. இதுவே நிலையான விரவல். வெளிவரும் வாயுவில் உள்ள கார்பனை அளந்துகொண்டே வந்தால், அந்த அளவு ஏறாமல் நிற்கும்போது இந்த நிலை வந்துவிட்டதென்று அறியலாம்.

இதற்கான விதியை 1855-இல் வெளியிட்ட அடால்ஃப் ஃபிக், உடலியங்கியல் படித்த ஜெர்மானியர். உப்பு நீரில் பரவுவதைப் பார்த்தே அவர் இதை எழுதினார்:

J = −D (dC/dx)

J என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பை ஒரு நொடியில் கடக்கும் பொருள். dC/dx என்பது செறிவு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பது. செறிவு குறையும் திசையில் ஓட்டம் நடப்பதால் கழித்தல் குறி.

நம் தகட்டில் ஊட்டும் பக்கம் ஒரு கன மீட்டருக்கு 38 கிலோ கார்பன் (எடையில் சுமார் அரை சதவீதம்), மறுபக்கம் ஏறத்தாழ சுழி. D சுமார் 2×10⁻¹¹ சதுர மீட்டர்/நொடி. பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டர் தகட்டை மணிக்கு ஏறக்குறைய 2.7 கிராம் கார்பன் கடக்கிறது. உண்மையில் கார்பன் கூடக்கூட D-யும் கூடுவதால், உள்ளே செறிவு நேர்க்கோடாக இறங்காமல் சற்று வளைந்திருக்கும்.

அதே சூட்டில் இரும்பணு இரும்புக்குள் நகரும் D, கார்பனுடையதில் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். கார்பன் சிறிய அணு. இரும்பணுக்களுக்கு நடுவிலுள்ள சந்துகளில் அது உட்காருகிறது, பக்கத்துச் சந்து பெரும்பாலும் காலியாகவே இருக்கும். இரும்பணுவுக்கோ அடுத்த இடத்தில் இன்னொரு இரும்பணு நிற்கிறது. ஓர் அணு விடுபட்ட காலியிடம் அருகே வந்தால்தான் அது தாவ முடியும். உருகுநிலைக்கு அருகில்கூடப் பல உலோகங்களில் பத்தாயிரம் இடங்களுக்கு ஒன்று அளவில்தான் அத்தகைய காலியிடம் இருக்கும். ஆக, காலியிடம் உருவாகவும் ஆற்றல் வேண்டும், தாவவும் ஆற்றல் வேண்டும். சூடு குறைந்தால் இரண்டுமே அரிதாகின்றன.

மூன்றாவது வழி படிக மணிகளின் எல்லை. அங்கே அணுக்கள் ஒழுங்கு குலைந்து நெகிழ்வாக அடுங்கியிருப்பதால் தாவுவது எளிது. ஆனால் அந்த எல்லை அரை நானோமீட்டர் அகலமே. மணியின் குறுக்களவு 50 மைக்ரோமீட்டர் என்றால், மொத்தக் குறுக்குவெட்டில் எல்லைக்குக் கிடைப்பது லட்சத்தில் ஓரிரு பங்கு. அந்த வழி மற்றதைவிட லட்சம் மடங்கு விரைவாக இருந்தால்தான் கணக்கில் எடுபடும்.

எப்போது எடுபடும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹாஃப்மனும் டர்ன்புல்லும் வெள்ளியில் காட்டினார்கள். ஒரே படிகமாக வளர்ந்த வெள்ளியையும், பல மணிகள் சேர்ந்த வெள்ளியையும் ஒப்பிட்டபோது, சுமார் 700 டிகிரிக்கு மேல் இரண்டும் ஒன்றுபோலவே நடந்தன. அதற்குக் கீழே பல மணி வெள்ளியில் அணுக்கள் வேகமாக நகர்ந்தன. எல்லை வழியே தாவத் தேவைப்படும் ஆற்றல், படிகத்துக்குள் தேவைப்படுவதில் பாதியளவே. அதனால் சூடு தணியும்போது காலியிட வழி படுத்துவிட, எல்லை வழி அவ்வளவாகத் தளர்வதில்லை. மிகுசூட்டில் அளந்த D-யை வைத்துக் குறைந்த சூட்டுக்குக் கணக்கிடுபவர்கள், மெல்லிய மணிகள் கொண்ட உலோகத்தில் உண்மையான ஓட்டத்தை வெகுவாகக் குறைத்து மதிப்பிடுவது இதனால்தான்.