ஜல்லிக்கு மூன்று சோதனைகள்

பாலக்கோட்டில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரியைப் பார்த்திருக்கிறீர்களா? தக்காளி ஏற்றிய வண்டிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. அத்தனை பாரத்தையும் தாங்குவது தாருக்குள் மறைந்திருக்கும் ஜல்லி. தார், ஜல்லிகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை மட்டுமே.

தர்மபுரி மாவட்டத்தில் கிடைக்கும் கருங்கல்லில் முக்கியமானவை நைஸ், சார்னோக்கைட் என்ற பாறைகள். நைஸில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் ஓடும். ஒரே குவாரியில்கூட ஆழத்தில் கிடைக்கும் கல் உறுதியாக இருக்கும். மேலே வெயிலும் மழையும் பட்ட கல் உள்ளே இற்றுப்போயிருக்கும். கிரஷரில் உடைத்துக் கொட்டியபின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் ஜல்லியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

முதலில் குவியலின் பல இடங்களிலிருந்தும் ஜல்லியை அள்ளி, நன்றாகக் கலந்து, தோசைபோல வட்டமாகப் பரப்புவார்கள். அதை நான்கு பங்காக்கி, எதிரெதிரே உள்ள இரண்டு பங்குகளை மட்டும் எடுப்பார்கள். தேவையான அளவு வரும்வரை இப்படியே குறைப்பார்கள். நல்ல கல்லை மட்டும் பொறுக்கி எடுத்தால் சோதனையே பொய்யாகிவிடும்.

இப்போது முதல் சோதனை: நசுங்குகிறதா? 12.5 மில்லிமீட்டர் சல்லடையில் விழுந்து, 10 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் ஜல்லியை எடுத்து, அடுப்பில் உலர்த்தி ஆறவைப்பார்கள். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள இரும்பு உருளையில் அதை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்துவார்கள். மேலே இரும்புத் தண்டை வைத்து, 10 நிமிடத்தில் மெதுமெதுவாக 40 டன் பாரத்தை ஏற்றுவார்கள். ஒரு பெரிய ஆண் யானை 4 டன் என்றால், பத்து யானைகள் ஒரு சிறிய பாத்திரத்தின் மேல் நிற்பதுபோல!

பிறகு நசுங்கியதை 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். நாம் போட்ட ஜல்லி 2800 கிராம், கீழே விழுந்த தூள் 616 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எவ்வளவு? 22. சாலையின் மேற்பரப்புக்குப் போடும் ஜல்லியில் இது 30-ஐத் தாண்டக் கூடாது. நம் ஜல்லி தேறிவிட்டது.

ஆனால் சாலையில் சக்கரங்கள் அமுக்குவதோடு நிற்பதில்லை, உரசவும் செய்கின்றன. எனவே இரண்டாவது சோதனை: தேய்கிறதா? இதற்கு 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்பு உருளை இருக்கிறது. அமெரிக்க நகரமான லாஸ் ஏஞ்சல்ஸின் பெயரே அதற்கும். நம் 20 மில்லிமீட்டர் ஜல்லியில் 5000 கிராமையும் 11 எஃகு உருண்டைகளையும் உள்ளே போட்டு 500 சுற்று சுற்றுவார்கள். உள்ளே இருக்கும் ஒரு தட்டு, கல்லையும் உருண்டைகளையும் மேலே தூக்கித் தொப்பென்று போடும். கல் அடியும் வாங்குகிறது, உரசியும் தேய்கிறது. கடைசியில் 1.7 மில்லிமீட்டர் சல்லடையில் 3800 கிராம் தங்கினால், தேய்ந்துபோனது 1200 கிராம். அதாவது நூற்றுக்கு 24. உயர்தரத் தார்ச்சாலையின் மேலடுக்குக்கு 30 வரை ஏற்பார்கள்.

மூன்றாவது சோதனை: நீர் குடிக்கிறதா? ஜல்லியைக் கழுவி 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுத்து எடை போடுவார்கள். பிறகு அடுப்பில் நன்றாக உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். ஊறியபோது 2012 கிராம், உலர்ந்தபின் 2000 கிராம் என்றால் கல் குடித்தது 12 கிராம் நீர், நூற்றுக்கு 0.6. இது 2-க்குள் இருக்க வேண்டும். கவனம் தேவைப்படுவது துணியால் ஒற்றும்போதுதான். கல்லின் மேல் நீர் மினுமினுத்தால், கல் குடிக்காத நீரையும் சேர்த்து எடை போட்டுவிடுவோம்.

சில கிராம் நீருக்கு ஏன் இவ்வளவு கவலை? நிறைய நீர் குடிக்கும் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் அதிகம். அவை தாரையும் உறிஞ்சிக்கொள்வதால் ஒட்டவைக்கும் பசை குறைந்துபோகும். மேலே இற்றுப்போன கல் நல்ல குவியலில் கலந்திருந்தால், அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இதை வீட்டிலும் செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடி ஜல்லியையும் ஒரு செங்கல் துண்டையும் சில நாள் வெயிலில் காயவைத்து, சமையலறைத் தராசில் தனித்தனியே எடை போடுங்கள். ஒருநாள் ஊறவைத்து, ஒற்றி, மறுபடி எடை போடுங்கள். செங்கல்லின் எடை நன்றாகவே கூடியிருக்கும். ஜல்லியின் எடையில் தராசு ஒன்றிரண்டு கிராம்கூடக் காட்டாமல் போகலாம். அப்படியானால் நீர் அதிகம் குடிக்காத ஜல்லிதான் உங்கள் கையில் இருக்கிறது!