மணி பார்க்க எவ்வளவு சார்ஜ் போகிறது?

மேஜைமேல் கிடக்கும் போனில் மணி மட்டும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “இது சார்ஜைத் தின்னாதா?” என்பதுதான். தின்னும். ஆனால் அதை அணைத்துவிட்டு, மணி பார்க்க ஒவ்வொரு தடவையும் திரையை எழுப்புகிறோமே, அதற்கு எவ்வளவு போகிறது? இந்தப் பாதிக் கணக்கைப் பெரும்பாலோர் போடுவதே இல்லை.

‘ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே’ எனப்படும் இந்த வசதி ஓலெட் திரை உள்ள போன்களுக்கானது. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பாகத் தெரியும் இடத்தில் புள்ளி அணைந்தே இருக்கும். எனவே மணி காட்டும் சில எண்களுக்கு மட்டும் மின்சாரம் போனால் போதும். விலை குறைந்த பல போன்களில் இருக்கும் எல்சிடி திரையில், ஓர் எண்ணைக் காட்டவும் பின்னாலுள்ள விளக்கு முழுவதும் எரிய வேண்டும். அதனால்தான் அந்த போன்களின் செட்டிங்ஸில் இந்த வசதி பெரும்பாலும் கண்ணிலேயே படாது.

இனி கணக்கு. 5000 எம்ஏஹெச் பேட்டரி என்றால் ஏறத்தாழ 19 வாட்-மணி மின்சாரம். மிதமான வெளிச்சத்தில் சும்மா எரியும் திரையோடு போன் ஒரு வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (வெயிலில் இன்னும் அதிகம் எடுக்கும்.) அப்படியானால் முழு சார்ஜில் 19 மணி நேரம் திரை எரியும், அரைமணி நேரம் எரிந்தால் சுமார் இரண்டரை சதவீதம் போகும்.

ஒரு நாளில் 60 தடவை லாக்கைத் திறந்து மணி பார்க்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். பார்த்ததும் போனை அப்படியே வைத்துவிடுகிறீர்கள். திரை தானாக அணைய 30 விநாடி வைத்திருந்தால், மொத்தம் அரைமணி நேரம் எரிகிறது: இரண்டரை சதவீதம். அதையே 2 நிமிடம் என்று வைத்திருந்தால் இரண்டு மணி நேரம், அதாவது பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். மணியைப் பார்க்கக் கண்ணுக்குத் தேவைப்பட்டது ஒன்றிரண்டு விநாடிதான். மிச்ச நேரமெல்லாம் யாரும் பார்க்காத திரைக்குப் போனது.

ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேவுக்கு மணிக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம். போன் பத்து மணி நேரம் மேஜையில் கிடந்தால் ஐந்து முதல் பத்து சதவீதம். பாக்கெட்டிலோ கைப்பையிலோ இருக்கும் நேரம் இதில் சேராது; அங்கே அது தானாகவே அணைந்துவிடும். ஆக, 30 விநாடிக்காரருக்கு இந்த வசதி கூடுதல் செலவு. 2 நிமிடக்காரருக்கோ இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் முதலில் கை வைக்க வேண்டிய இடம் Screen timeout. ஐபோனில் அதற்குப் பெயர் Auto-Lock.

எல்லா ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளேவும் ஒரே அளவு தின்பதில்லை. 2022-இல் வந்த ஐபோன் 14 ப்ரோ, மணியோடு வால்பேப்பரையும் மங்கலாக்கிக் காட்டியது. திரை விநாடிக்கு ஒரே ஒரு தடவை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும் நுட்பம் இருந்ததால்தான் அது கட்டுப்படியானது. ஆனாலும் படம் முழுக்கப் புள்ளிகள் எரிகின்றன அல்லவா? Show Wallpaper என்பதை அணைத்தால் கறுப்புப் பின்னணியில் மணி மட்டும் நிற்கும். எனக்கு அதுதான் கண்ணுக்கும் இதமாகப் படுகிறது.

சாம்சங் போன்களில் நடுவழி ஒன்று உண்டு. லாக் ஸ்க்ரீன் செட்டிங்ஸில் Always On Display-க்குள் போனால் Tap to show என்று இருக்கும். திரையைத் தொட்டால் சில விநாடி மணி தெரியும், பிறகு முழுதாக அணைந்துவிடும். முழுத் திரையும் எழும்பாது. நாள் முழுக்க எரியவும் செய்யாது. சார்ஜ் பற்றிக் கவலைப்படுபவருக்கு இதைத்தான் சொல்வேன். மேஜையிலேயே வேலை, கையை எடுக்காமல் மணி தெரிய வேண்டும் என்பவர் Show as scheduled வைத்து வேலை நேரத்துக்கு மட்டும் எரிய விடலாம்.

உங்கள் போனில் உண்மையில் எவ்வளவு போகிறது என்று இரண்டு இரவுகளில் தெரிந்துவிடும். ஃபிளைட் மோடில் போட்டு, மேஜையில் திரை மேலே பார்க்க வையுங்கள். முதல் இரவு வசதியை அணைத்து, மறு இரவு போட்டு. காலையில் இரண்டு சதவீதங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்தால் விடை. ஒன்று கவனம்: இருட்டறையில் வெளிச்சம் தானாகக் குறையும், ஸ்லீப் மோடில் சில போன்கள் அதை அணைத்தே விடும். விளக்கெரியும் அறையில், ஸ்லீப் மோட் இல்லாமல் பார்ப்பதே சரியான சோதனை.

30 விநாடி வைத்தால் செய்தி படிக்கும்போதே திரை அணைகிறது என்பது நியாயமான புகார். சாம்சங்கில் அதற்கென்றே Keep screen on while viewing இருக்கிறது. முன்பக்கக் கேமரா உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை திரை அணையாது. இருட்டில் மட்டும் அதற்கு முகம் தெரியாமல் போய்விடும்.