மலரும் முன்பே உதிரும் செம்பருத்தி மொட்டு

செம்பருத்தி மொட்டு தானாகக் கழன்று விழுவதில்லை. செடிதான் அதைக் கழற்றிவிடுகிறது. மொட்டைத் தாங்கும் காம்பில், பூவை ஒட்டிய பகுதியில், மெல்லிய வளையம் போன்ற ஒரு மூட்டு இருக்கும். நல்ல நிலையில் வளரும் மொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளைத் தொடர்ந்து காம்பின் வழியே கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் இருக்கும்வரை மூட்டு இறுகி நிற்கும். மொட்டு உள்ளே காயப்பட்டாலோ, செடிக்கு நீரோ ஒளியோ போதாமல் போனாலோ ஆக்சின் குறைகிறது, எத்திலீன் வாயு மிகுகிறது. அப்போது மூட்டில் உள்ள செல்களை ஒட்டவைக்கும் பொருள் கரைந்து, காம்பு அந்த இடத்தில் துண்டாகிறது. உதிர்ந்த மொட்டின் அடியில் காணப்படும் வழுவழுப்பான வெட்டுமுகம் இதற்கு அடையாளம். காற்றில் ஒடிந்த அல்லது கோழி கொத்திய காம்பு நார்நாராகக் கிழிந்திருக்கும்.

உதிர்வதற்கான வழி இப்படி எல்லாச் சூழலிலும் ஒன்றே என்பதால்தான் குழப்பம் வருகிறது. வறட்சி, வேர்நீர்த் தேக்கம், இலைப்பேன், மொட்டுக்குள் புழு என எது காரணமானாலும் தரையில் கிடப்பது ஒரே மாதிரி மஞ்சளித்த மொட்டுதான். கீழே கிடக்கும் மொட்டை மட்டும் படம் எடுத்துக் காட்டி "என்ன நோய்?" என்று கேட்டால், எவ்வளவு தேர்ந்தவராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அடுத்தடுத்து எடுக்கும் சில படங்கள், ஒவ்வொன்றும் ஒரு காரணத்தை விலக்கும்படி அமைந்தால், விடை நெருங்கிவிடும்.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். புங்கா ராயா 1960 இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் தோட்ட லயங்களின் வேலியோரத்தில் ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தி பூசைக்கென வளர்க்கப்பட்டு வருகிறது. கடற்கரைப் பக்கம் கனத்த களிமண், உள்பக்கம் ராஜா மூசா காட்டை ஒட்டிய புளித்த கரிச்சதுப்பு மண். இரண்டிலும் நீர்மட்டம் மேலேயே நிற்கும். ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் ஒப்பளவில் காய்ந்திருக்கும். ஆக, ஒரே செடி சில மாதங்களில் வேர் அழுகும் ஈரத்தையும் மொட்டு வாடும் வெயிலையும் கண்டுவிடுகிறது. பூச்சிகளும் அதே கணக்கில் மாறிமாறி வருகின்றன.

முதலில் எடுக்க வேண்டியது முழுச் செடியின் படம். இதில் பார்க்க வேண்டியது தனி மொட்டு அல்ல, எந்த வயது மொட்டுகள் விழுகின்றன என்பதே. நீர்த்தட்டுப்பாடோ நீர்த்தேக்கமோ காரணமானால் பட்டாணி அளவு மொட்டும் நிறம் காட்டத் தொடங்கிய பெரிய மொட்டும் சில நாட்களுக்குள் சேர்ந்தே விழும். அடியிலைகளும் மஞ்சளிக்கும். பூச்சி காரணமானால் இலைகள் பச்சையாகவே இருக்க, ஏறக்குறைய ஒரே வயதை எட்டிய மொட்டுகள் நாள்தோறும் ஒன்றிரண்டாக விழுந்துகொண்டே இருக்கும். செம்பனை வரிசைகளுக்கு அருகில் உள்ள வீடுகளில் இலைவடிவத்தையும் பார்க்க வேண்டும். களைக்கொல்லிச் சாரல் காற்றில் வந்து பட்டிருந்தால், நுனிக் குருத்துகள் நாடாபோல ஒடுங்கிக் கொத்தாகச் சுருண்டிருக்கும். குருத்துகள் சுருண்டு, அவற்றில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடியில் எறும்பும் ஏறியிறங்கிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்.

கடினமான பகுதி மொட்டு ஈயும் இலைப்பேனும். மொட்டு ஈ என்பது காண்டரினியா மேக்குலிபென்னிஸ் என்ற சிற்றீ. கொசுவைவிடவும் சிறியது, நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். தமிழ்நாட்டில் மல்லிகை மொட்டுகளைக் கெடுப்பதும் இதுவே. ஆசியாவிலிருந்து பரவியதாகக் கருதப்படும் இந்த ஈ ஹவாயில் சென்ற நூற்றாண்டிலேயே செம்பருத்தியைத் தாக்கியது. 1992 இல் ஃபுளோரிடாவிலும் கண்டறியப்பட்டது. பெண் ஈ மாலையில் வந்து இளமொட்டின் நுனிக்குள் முட்டையிடும். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். புழுக்கள் இதழ்களுக்கும் மகரந்தத் தண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு வாரம் தின்று வளரும். மொட்டு மஞ்சளித்து விழும்போது, முதிர்ந்த புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளி மண்ணுக்குள் போய்விடும். அங்கே இரண்டு, மூன்று வாரங்கள் கூட்டுப்புழுவாக இருந்து மறுபடி ஈயாகின்றன. மொட்டுக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது. மண்ணுக்குள் இருக்கும் கூட்டையும் எட்டாது. பல வாரங்கள் மருந்தடித்தும் மொட்டு உதிர்வது இதனால்தான்.

இலைப்பேன் வேறு வகை. 1 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய, மஞ்சள் அல்லது கருப்பு நிறக் கீற்று அது. மொட்டின் மேல்தோலைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். தாக்கப்பட்ட மொட்டில் வெள்ளிக்கோடுகளும் பழுப்புத் தழும்புகளும் இருக்கும், நுனி கோணலாகும். மொட்டு பெரிதான பிறகே விழும், அல்லது விழாமல் ஓரங்கள் கருகிய பூவாக அரைகுறையாகத் திறக்கும். வறண்ட மாதங்களில் இது பெருகும். மொட்டு ஈக்கு ஈரமண் தேவை என்பதால் மழைமாதங்களே அதற்கு வாய்ப்பு. இந்தக் காலவேறுபாடு ஒரு துப்பு மட்டுமே. அதை வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

புக்கிட் ரோத்தான் பக்கத்தில் ஒரு தோட்ட வீடு என்று வைத்துக்கொண்டு, நவம்பர் மழைக்காலத்தில் படங்கள் எப்படி வழிகாட்டும் என்று பார்க்கலாம். வாசலில் தொட்டியில் ஓர் அடுக்குச் செம்பருத்தி, வேலியில் நாட்டுச் சிவப்பு. அடுக்குச் செடியின் மொட்டுகள் கடலையளவில் மஞ்சளித்து விழுகின்றன, சிவப்பு ஏதும் நடக்காததுபோலப் பூக்கிறது. முதல் படத்தில் தொட்டிச்செடியின் இலைகள் பச்சையாகவே உள்ளன. எனவே நீர்த்தேக்கச் சந்தேகம் பாதி விலகுகிறது. மீதிப் பாதியைத் தீர்க்க, தொட்டியின் அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று ஒரு படம் போதும். அடுக்குப்பூ வகைகளில் மொட்டு ஈ அதிகம் தென்படுவது உண்மை. ஆனால் அவ்வகைகள் வெயிலுக்கும் பசிக்கும்கூட எளிதில் மொட்டு உதிர்ப்பவை. அதனால் இந்தப் படத்தோடு நிறுத்த முடியாது.

அடுத்து, தரையில் கிடந்த மொட்டு ஒன்று பிளக்கப்படுகிறது. உள்ளே புழுக்கள். இங்கேதான் பலர் தவறுகின்றனர். மண்ணில் ஒரு நாள் கிடந்து அழுகத் தொடங்கிய மொட்டில் பழ ஈக்களும் சிறு வண்டுகளும் வந்து முட்டையிடும். அந்தப் புழு மொட்டு விழுந்ததன் விளைவு, காரணம் அல்ல. ஆகவே காலையில் செடியிலேயே நிற்கும், நிறம் மங்கத் தொடங்கிய, இலேசாகத் தட்டினால் விழுந்துவிடும் மொட்டைப் பறிக்க வேண்டும். சவரத் தகட்டால் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வெள்ளைத் தாளில் வைத்து, அருகே ஒரு 10 சென் நாணயத்தையும் வைத்துப் படம் எடுக்க வேண்டும். நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் என்பதால், புழுவின் நீளம் படத்திலேயே தெரிந்துவிடும். மகரந்தத் தண்டின் அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், தலை தெரியாத, வெண்மையோ மஞ்சளோ கலந்த புழுக்கள் கூட்டமாக இருந்தால், அது மொட்டு ஈ என்பதற்கு வலுவான சான்று. சில விநாடி காணொளி எடுத்தால் இன்னும் உறுதி: முதிர்ந்த புழு வளைந்து துள்ளும். பழ ஈக்களில் சிலவற்றின் புழுவும் துள்ளும் என்றாலும், செடியில் நிற்கும் இளமொட்டுக்குள் இவ்வளவு சிறிதாகக் கூட்டமாக இருப்பது மொட்டு ஈயின் இயல்பு.

அதே மொட்டுக்குள் எதுவும் இல்லை, ஆனால் வெளியே தழும்பு இருக்கிறது என்றால், அடுத்த படம் வெள்ளைத் தாளில். ஐந்தாறு மொட்டுகளையும் ஒரு திறந்த பூவையும் தாளின் மேல் தட்ட வேண்டும். நகரும் கீற்றுகள் தெரிந்தால் இலைப்பேன். பூவில் ஒன்றிரண்டு இலைப்பேன் இருப்பது எங்கும் இயல்பு. தழும்பும் சேர்ந்திருந்தால்தான் அது குற்றவாளி.

கைப்பேசிப் படங்களில் பாதி பயனற்றுப் போவதற்குக் காரணம் மிக நெருங்கி எடுப்பது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பெரிதாக்கி, மொட்டின் மேல் தொட்டுக் குவியத்தை நிறுத்தி, நேர்வெயில் இல்லாத நிழலில் எடுத்தால் இவ்வளவு சிறிய புழுவும் தெளிவாக வரும்.

படத்துக்கு எட்டாதவையும் உண்டு. எத்திலீன் வாயுவைப் படம் பிடிக்க முடியாது. வண்டியில் மூடி ஏற்றிவந்த நாற்றுத் தொட்டியில் மொட்டு கொட்டுவது பெரும்பாலும் அதனால்தான். வேர்முடிச்சு நூற்புழு மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், செடியைப் பிடுங்கினால்தான் தெரியும். எல்லாப் படங்களும் சுத்தமாக இருந்தும் மொட்டு விழுந்தால், செடியை இடம் மாற்றிய நாள், கடைசியாக உரமிட்ட நாள், கடைசி மழை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு பார்க்க வேண்டும். உரத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்தாலும் செம்பருத்தி மொட்டு உதிர்க்கும் என்று வளர்ப்போர் சொல்வதுண்டு. ஆனால் புழு இல்லை என்பதை உறுதிப்படுத்தாமலே உரத்தைக் குறைப்பது வீண்.

மொட்டு ஈ உறுதியானால், செய்ய வேண்டியது எளிது, ஆனால் விடாமல் செய்ய வேண்டும். மஞ்சளித்த மொட்டுகளையும் தரையில் விழுந்தவற்றையும் நாள்தோறும் பொறுக்கி, இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் வைக்க வேண்டும்; எருக்குழியில் போடக் கூடாது. மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் கூட்டுப்புழுக்கள் முடியும்வரை, அதாவது குறைந்தது ஒரு மாதம், இது நடக்க வேண்டும். இரண்டு வாரத்தில் நிறுத்தியவர்கள் மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தொட்டிச்செடி என்றால், மேல்மண்ணைத் துணியாலோ பிளாஸ்டிக் விரிப்பாலோ மூடினால் புழு மண்ணுக்குள் போவதும் ஈ வெளிவருவதும் தடைபடும். இலைப்பேனுக்கு, தழும்புள்ள மொட்டுகளையும் வாடிய பூக்களையும் நீக்கி, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, தேவையானால் மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். நண்பகலில் எண்ணெய்க் கரைசல் தெளித்தால் அதுவே மொட்டைப் பொசுக்கும். வேரின் வழியே செடி முழுதும் பரவும் நஞ்சுகளைப் பயன்படுத்த வேண்டாம். பூசைக்கும் தேநீருக்கும் பறிக்கும் பூவிலும், அதை நாடிவரும் தேனீயிலும் அந்த நஞ்சு சேரும்.