போடி ஏலக்காய் கடைக்கு ஒரு கொட்டேஷன்: "இது இதில் சேராது"ன்னு எழுதினாதான் காசு மிஞ்சும்

சம்பளத்துக்கு மேல சனி, ஞாயிறுல டிசைன் வேலை பண்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. வேலை நல்லா பண்றோம், ஆனா கொட்டேஷன் மெசேஜ்ல கோட்டை விட்டுடறோம். எங்கே காசு போகுதுன்னு ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

போடிநாயக்கனூர்ல ஸ்பைசஸ் போர்டோட ஏலக்காய் மின்-ஏல மையம் இருக்கு. அதைச் சுத்தி வியாபாரிகளும் கடைகளும் அதிகம். அப்படி ஒரு கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டு, "தம்பி, ஏலக்காய் பாக்கெட்டுக்கு லேபிள் போட்டுக் கொடு, ரெண்டு போட்டோவும் எடுத்துடு"ன்னு சொல்றார்னு வெச்சுக்கோங்க.

முதல்ல நேரத்தைக் கணக்கு பண்ணுங்க. 100 கிராம் லேபிள் டிசைனுக்கு 8 மணி நேரம். அதையே 50, 250 கிராமுக்கு மாத்த 3 மணி நேரம். போட்டோவுக்கு 5 மணி நேரம். மொத்தம் 16. மணிக்கு 600 ரூபாய்னா 9,600 ரூபாய்.

"9,600 ஆகும் அண்ணே"ன்னு மட்டும் அனுப்பினா என்ன ஆகும்? "500 கிராமுக்கும் போட்டுடு", "கேரளா கஸ்டமருக்கு மலையாளத்துல ஒண்ணு", "ஓணத்துக்கு ஒரு ஸ்டேட்டஸ்". தனித்தனியா பார்த்தா எல்லாமே சின்ன வேலைதான். சேர்த்தா 8 மணி நேரம். இப்போ 24 மணி நேரத்துக்கு அதே 9,600. உங்க ரேட் 400 ஆயிடுச்சு. அவர் ஏமாத்தலை, எல்லை எதுன்னு நீங்க சொல்லலை, அவ்வளவுதான்.

அதனால இப்படி அனுப்புங்க:

"வணக்கம் அண்ணே. நேத்து பேசின வேலையோட விவரம்:

வேலை: 100 கிராம் லேபிள் டிசைன் 4,800 ரூபாய். 50, 250 கிராம் அளவு, ஒவ்வொண்ணும் 900 வீதம் 1,800 ரூபாய். கடையில வெச்சு 6 போட்டோ 3,000 ரூபாய். மொத்தம் 9,600 ரூபாய். ரெண்டு தடவை திருத்தம் இதுலயே சேரும். கலர், எழுத்து, இடம் மாத்துறது திருத்தம். புதுசா வேற டிசைன் கேட்டா அது தனி வேலை.

நாள்: நீங்க முன்பணமும் எல்லா விவரமும் கொடுத்த நாள்லேர்ந்து 10 நாள். உங்க பதில் தாமதமானா அத்தனை நாள் தள்ளிப் போகும்.

சேராதது: பிரிண்டிங் செலவு, வேற மொழி லேபிள், 500 கிராம் அளவு, ஸ்டேட்டஸ் படங்கள், லைசென்ஸ் வாங்கும் வேலை. வேணும்னா தனியா விலை சொல்றேன்.

உங்க பொறுப்பு: எப்எஸ்எஸ்ஏஐ நம்பர், எடை, விலை, முகவரி எழுதிக் கொடுக்கணும். பிரிண்டுக்குப் போகும் முன்னாடி எல்லாத்தையும் படிச்சுப் பார்த்து 'ஓகே'ன்னு மெசேஜ் போடணும்.

பணம்: பாதி முன்பணம், மீதி ஃபைல் தரும்போது. இந்த விலை 15 நாளைக்குச் செல்லும்."

"உங்க பொறுப்பு" பத்தியை விட்டுடாதீங்க. எப்எஸ்எஸ்ஏஐ நம்பர் 14 இலக்கம். அதுல ஒரு இலக்கம் தப்பாகி ஆயிரக்கணக்கில் பாக்கெட் அச்சடிச்சுட்டா, அந்த நஷ்டம் உங்க 9,600-ஐவிடப் பெருசாகலாம். அவரே பார்த்து ஓகே சொன்ன மெசேஜ்தான் அப்போ உங்களுக்குக் காப்பு.

நாள் கணக்கை "இன்னிலேர்ந்து 10 நாள்"னு எழுதாததுக்கும் காரணம் இருக்கு. ஏலம், சரக்குன்னு அவர் பிஸியா இருந்தா நாலு நாள் பதில் வராது. கடைசியில "லேட் பண்ணிட்டியே"ங்கற பேச்சு உங்க மேலதான் விழும்.

இதுக்கு அப்புறமும் "500 கிராமுக்கு ஒண்ணு"ன்னு கேட்பார். மறுக்க வேண்டாம். "பண்ணலாம் அண்ணே, அது லிஸ்ட்ல இல்லை. 900 ரூபாய் கூட ஆகும், ரெண்டு நாள் கூட வேணும், சரியா?"ன்னு கேளுங்க. ஏற்கனவே எழுதிக் கொடுத்ததால சங்கடம் இருக்காது. "சின்ன சேஞ்ச்தான்"னு போன்ல சொன்னாலும், மெசேஜ்ல ஒரு தடவை எழுதி ஓகே வாங்கிடுங்க.

சம்பளக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். வெளி வேலை பார்க்க ஆபீஸ்ல தடை இருக்கான்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் பாருங்க. இந்த வருமானத்தையும் வரிக் கணக்குல காட்டணும். இதைத் தொழில் வருமானமா காட்டும்போது, வழக்கமா போடற ஐடிஆர்-1 படிவம் செல்லாது.

அடுத்த வேலை வந்தா விலையைச் சொல்றதுக்கு முன்னாடி "சேராதது" பட்டியலை எழுதிப் பாருங்க. நாலு வரி கூட வரலைன்னா, வேலையை நீங்க இன்னும் முழுசா கேட்டுக்கலைன்னு அர்த்தம். திரும்ப ஒரு போன் பண்ணிட்டு அப்புறம் விலை சொல்லுங்க.