காலியாகத் தெரியும் நான்காம் சேனல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வைஃபை இழுக்கத் தொடங்கினால், விவரம் தெரிந்தவர்கள் போனில் அனலைசர் செயலியைத் திறந்து பார்ப்பார்கள். 1, 6, 11 ஆகிய சேனல்களில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் குவிந்திருக்கும். 4 காலியாகத் தெரியும். உடனே ரவுட்டரை அங்கே மாற்றிவிடுவார்கள். வேகம் இன்னும் குறையும்.

சேனல் எண் நடுப்புள்ளியை மட்டுமே சொல்கிறது. 1-இன் நடு 2412 மெகாஹெர்ட்ஸ். அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளி வெறும் 5. ஆனால் வைஃபை அலை 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொள்கிறது. பழைய 802.11b-க்கு 22 தேவைப்பட்டது. ஆகவே ஒன்றையொன்று தொடாமல் இருக்க ஐந்து எண் தள்ளிப் போக வேண்டும்: 1, 6, 11. நான்காம் சேனல் 2417 முதல் 2437 வரை பரவுவதால், ஒரு பக்கம் 1-இன் ஓரத்தையும் மறுபக்கம் 6-இன் பாதியையும் மிதிக்கிறது.

மிதித்தால் என்ன, ஒரே சேனலில் பத்துப் பேர் நெருக்குவதைவிட மேல்தானே? இல்லை. வைஃபை கருவி பேசுவதற்கு முன் கேட்கும். ஒரே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசத் தொடங்கினால், அதன் முன்னுரையைப் படித்து, எவ்வளவு நேரம் பேசும் என்பதையும் அறிந்து, அதுவரை காத்திருக்கும். −82 டிபிஎம் அளவுக்கு மெலிந்த குரலைக்கூட அது மதிக்கும். வேகம் பங்காகும், பேச்சு சிதையாது.

சேனல் பாதி மட்டும் பொருந்தினால் அந்த முன்னுரையைப் படிக்க முடியாது. இரண்டு வானொலி நிலையங்களுக்கு நடுவே முள்ளை நிறுத்தியதுபோல வெறும் இரைச்சல்தான். இரைச்சலுக்காக அது காத்திருக்க வேண்டுமானால் −62 டிபிஎம் வலு வேண்டும், அதாவது நூறு மடங்கு அதிகம்.

பக்கத்து வீட்டு ரவுட்டர் 6-இல், உங்கள் வீட்டில் −70 அளவில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்களும் 6-இல் இருந்தால் இருவரும் முறை வைத்துப் பேசுவீர்கள். 4-இல் இருந்தால் அதன் பாதிதான் உள்ளே வரும், சுமார் −73. காத்திருக்கும் எல்லைக்கு அது எட்டாது. ஆனால் உங்கள் ரவுட்டர் −60-இல் அனுப்பும் செய்தியைக் கெடுக்கத் தாராளமாகப் போதும். செய்தி சிதையும், மறுபடி அனுப்பப்படும், ரவுட்டர் மெதுவான வேகத்துக்கு இறங்கும். மெதுவாகப் பேசினால் காற்றில் அதிக நேரம் இருக்கும்; பக்கத்து வீட்டுக்காரரின் செய்தியும் அதனால் கெடும். போனில் சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தும் வீடியோ அடிக்கடி நின்றால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. 1, 5, 9, 13 என்று நான்காகப் பிரிப்பது 20 மெகாஹெர்ட்ஸ் கணக்கில் சரிதான்; ஆனால் கட்டடமே ஒப்புக்கொண்டால்தான் பலிக்கும். சுற்றிலும் 6-உம் 11-உம் இருக்கும்போது 9-இல் நுழைபவர் இரண்டு பக்கமும் இடிப்பார்.

மூன்றில் எதில் அண்டை ரவுட்டர்கள் மெலிவாகவும் குறைவாகவும் கேட்கின்றனவோ அதில் அமருங்கள். ரவுட்டர் அமைப்பில் அகலம் 40 என்றிருந்தால் 20 ஆக்கிவிடுங்கள். 40 வைத்தால் எந்த எண்ணைத் தேர்ந்தாலும் பட்டையில் பாதி போய்விடும்.